இது எந்தப் பக்கத்துக் கை?

எங்கள் போடிங்கில் நாலு பேர். மூன்று பேர் கலைப்பீடம்: ஒருத்திக்குத் தமிழ், ஒருத்திக்குப் புவியியல், ஒருத்திக்கு வரலாறு. நாலாவது ஆள் மருத்துவபீடம். அவளை முதல் வருசத்திலிருந்தே 'டொக்ரர்' என்றுதான் கூப்பிடுவோம். அனற்றமி வைவாவில் அவள் தவறிய பிறகு அந்தப் பெயர் எங்கள் வாயில் வரவில்லை. யாரும் கதைத்து முடிவெடுக்கவில்லை, தானாக நின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அவள் இரண்டாந்தரம் அதே வைவாவுக்கு ஆயத்தமான இரண்டு மாதத்தைப் பற்றியது. பெயர் போடாமல் எழுதச் சொல்லி அனுமதி தந்திருக்கிறாள். எழுதுவது நாங்கள், ஏனென்றால் அந்த இரண்டு மாதமும் கேள்வி கேட்டது நாங்கள்தான்.

முதலில் இந்தப் பரீட்சை எப்படி நடக்கிறது என்று சொல்லவேண்டும். எங்களுக்கே அது புதினம். எழுத்துப் பரீட்சைக்கு வெளியே இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று ஸ்பொற். மேசைகளில் எலும்பும் வெட்டிப் பதப்படுத்திய உடற்பகுதிகளும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி குத்தியிருக்கும், ஊசித் தலையில் சின்னக் கொடி. பக்கத்தில் ஒரு கேள்வித் துண்டு. மணி அடித்தால் அடுத்த மேசை. எழுதி முடித்தாயோ இல்லையோ, நகரத்தான் வேண்டும். மற்றது வைவா. பரீட்சகருக்கு முன்னால் இருத்துவார்கள், கையில் ஒரு எலும்பைத் தருவார்கள், கேள்வி தொடங்கும். எங்கள் ஆள் எழுத்திலும் ஸ்பொற்றிலும் பிழையில்லை. வைவாவில் வாயடைத்துப்போனாள்.

படிக்காமல் இல்லை. பக்கத்தைத் திறந்தால் எல்லாம் தெரிந்தது போல இருக்கும், புத்தகத்தை மூடிக் கேட்டால் வாய்க்கு வராது. அதற்கு ஒருவர் முன்னால் இருந்து கேட்கவேண்டும். அவளுடைய பற்ச் பிள்ளைகள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், இரவு வந்து கேள்வி கேட்க ஆருக்கு நேரம்? மிச்சம் நாங்கள் மூன்று பேர்தான். எலும்பென்றால் கறியில் கடித்ததைத் தவிர வேறொன்றும் தெரியாத நாங்கள்.

அவள் அட்டைகள் எழுதித் தந்தாள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். எலும்புப் பெட்டி மேல் பற்ச்சிலிருந்து கைமாறி வந்தது. நெஸ்ரமோல்ற் பெட்டி அளவில் ஒரு கடதாசிப் பெட்டி, உள்ளே பழைய வேட்டித்துணியில் சுற்றிய எலும்புகள். உண்மையான மனித எலும்புகள். எந்த பற்ச்சில் தொடங்கி இந்தப் பெட்டி சுற்றுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. போடிங் அன்ரிக்கு விசயம் தெரிந்தபோது ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. மறுநாள் வந்து, சாமியறைச் சுவரோடு அந்தப் பெட்டியை வைக்கக்கூடாது, வெள்ளிக்கிழமையில் வெளியில் எடுக்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டார். போகும்போது கேட்டார், "ஆம்பிளையோ பொம்பிளையோ பிள்ளை?" இடுப்பெலும்போ மண்டையோடோ இருந்தால் ஓரளவு சொல்லலாம், இந்தக் கை எலும்பை மட்டும் வைத்துத் திடமாகச் சொல்லேலாது என்றாள் எங்கள் ஆள். அன்ரி கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்களும் எலும்பைக் கட்டிலில் எறிவதை விட்டுவிட்டோம். பாயில் துணி விரித்து அதில்தான் வைப்போம்.

முதல் இரவு எடுத்தது ஹியூமரஸ். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் உள்ள எலும்பு. எடுத்துக் கையில் கொடுத்து "இது என்ன?" என்றோம். "ஹியூமரஸ்" என்றாள். அட்டையைத் திருப்பினோம், சரி. அடுத்த அட்டை. "எந்தப் பக்கம்?" "வலது." சரி. அடுத்தது. இப்படியே பத்து நிமிடத்தில் இருபது அட்டை முடிந்தது. எல்லாம் சரி. பிறகு ஏன் இவள் தவறினாள் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

வரலாறு படிக்கிறவள்தான் சும்மா கேட்டாள், "வலது எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" அவளுக்கு உண்மையாகவே அறிய ஆசை. வரலாற்றில் எந்தக் கல்வெட்டைச் சொன்னாலும் இந்தக் கேள்வி வரும். எங்கள் ஆள் வாயைத் திறந்தாள், மூடினாள். எலும்பைத் திருப்பிப் பார்த்தாள். "பாத்தாத் தெரியும்தானே" என்றாள்.

அங்கேதான் வைவா விழுந்திருந்தது. பரீட்சகர் கேட்பது எலும்பின் பெயரை அல்ல. பெயர் ஆருக்கும் தெரியும். பக்கம் சொன்னவுடன் காரணம் கேட்பார். பெட்டியில் இருந்த ஹியூமரஸ் ஒன்றே ஒன்று, அது வலது என்று அவளுக்கு மனப்பாடம். அதனால் சரியாகச் சொல்கிறாள்.

அன்றிரவு அவள் எங்களுக்கு விளங்கப்படுத்தியதை இங்கே எழுதுகிறோம். நீங்கள் உங்கள் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வாசியுங்கள். ஹியூமரஸின் ஒரு முனையில் அரைப் பந்து போல உருண்டையான தலை இருக்கிறது. அது மேல்முனை. மறுமுனையில் முன்னுக்கும் பின்னுக்கும் பள்ளங்கள் உண்டு. ஆழமான பெரிய பள்ளம் பின்பக்கம். முழங்கையை நீட்டும்போது முன்கை எலும்பின் கொக்கி வந்து அதற்குள் இருக்கும். ஆகவே தலையை மேலே பிடி, ஆழப் பள்ளத்தைப் பின்னுக்கு வை. இப்போது உருண்டைத் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கேதான் உடம்பின் நடு. தோள் மூட்டு அந்தப் பக்கம்தானே இருக்கவேண்டும். தலை உன் இடப்பக்கம் பார்த்தால் உடம்பு இடப்பக்கம் இருக்கிறது, அப்படியென்றால் இது வலது கை. மேல், பின், உள். மூன்று அடையாளம் தெரிந்தால் பக்கம் தானாக வரும். இரண்டு மட்டும் தெரிந்தால் வராது.

இதைச் சொல்லி முடித்தபோது அவளே எலும்பைத் தன் தோளோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். "இப்பிடி ஆருக்கும் நான் சொன்னதேயில்லை" என்றாள். பதில் பின்பக்கத்தில் இருக்கும் அட்டைகளை விட, பின்பக்கமே இல்லாத அந்த ஒரு கேள்விதான் உதவியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பது எங்கள் வழக்கமானது. சில இரவுகளில் அவளுக்கு எரிச்சல் வரும். நாங்கள் விடவில்லை. மற்ற ஹொஸ்டலில் ஒரு பிள்ளையிடம் இடது ஹியூமரஸ் ஒன்று கடன் வாங்கி, இரண்டையும் போர்வைக்குள் வைத்து ஒன்றை உருவிக் கொடுப்போம். முதல் வாரம் இரண்டில் ஒன்று பிழைத்தது.

இன்னொரு விசயம் இரண்டாம் கிழமை தெரிந்தது. அட்டையை அவள் எழுதிய வரிசையிலேயே கேட்டால் ஒழுங்காகப் பதில் வரும். கலைத்துக் கேட்டால் தடுமாறுவாள். ஹியூமரஸை மூன்று நரம்புகள் தொட்டுக்கொண்டு போகின்றன. மேலே கழுத்துப் போன்ற இடத்தைச் சுற்றி அக்ஸிலரி, நடுவில் பின்பக்கம் சுற்றிவரும் தவாளிப்பில் றேடியல், கீழே உட்பக்க முழங்கைப் புடைப்புக்குப் பின்னால் அல்நர். முழங்கையை எங்கேயாவது இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அது அல்நர். இந்த மூன்றையும் மேலிருந்து கீழே கேட்டால் பாட்டுப்போலச் சொல்லுவாள். நடுவில் தொடங்கினால் மனதுக்குள் முதலிலிருந்து ஓடிவந்துதான் நிற்பாள். அந்த ஓட்டம் ஐந்து செக்கன். வைவாவில் ஐந்து செக்கன் மௌனம் மிக நீளம். அட்டைகளைக் காட்ஸ் கலைக்கிற மாதிரிக் கலைத்துக் கேட்கத் தொடங்கினோம். பதில் பாதியில் இருக்கும்போதே அடுத்த கேள்வியையும் போடுவோம், பரீட்சகர் அப்படித்தான் வெட்டுவாராம்.

ஒரு நாள் போன தொடர் இது. நடு ஹியூமரஸ் உடைந்தால் எந்த நரம்புக்கு ஆபத்து? றேடியல். நோயாளிக்கு என்ன ஏலாது? மணிக்கட்டைத் தூக்க ஏலாது, கை தொங்கும். முழங்கையை நீட்ட ஏலுமா? "ஏலாது" என்றாள் உடனே. முழங்கையை நீட்டும் தசை ட்ரைசெப்ஸ், அதற்கும் றேடியல் நரம்புதான், ஆகவே ஏலாது. நல்ல தர்க்கம். ஆனால் அவளே எழுதிய அட்டை 'பெரும்பாலும் ஏலும்' என்றது. வரிசையாகப் படித்தபோது எழுதியதை, வேகத்தில் தர்க்கம் பண்ணி மறுக்கிறாள். புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். ட்ரைசெப்ஸுக்குப் போகும் கிளைகளில் முக்கியமானவை நரம்பு அந்தத் தவாளிப்பை அடைய முன்னமே, மேலே பிரிந்துவிடுகின்றன. புவியியல்காரி சொன்னாள், "பாலம் உடைஞ்ச இடத்துக்கு முன்னமே கிளை ரோட்டு திரும்பிட்டுது. அந்த ஊருக்கு பஸ் ஓடும்." அதோடு அது நின்றுவிட்டது. பிறகு நாங்களே ஒரு கேள்வி கட்டினோம்: கக்கத்தில் ஊன்றுகோல் நெடுநாள் அழுத்தினால்? அவள் யோசிக்காமலே சொன்னாள், அது கிளைக்கு முன்னால், அப்போது ட்ரைசெப்ஸும் பலவீனமாகும். இந்தக் கேள்விக்கு அட்டை இருக்கவில்லை. எங்களுக்கே பெருமையாக இருந்தது.

முதல் வைவாவில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அவள் மூன்றாம் கிழமைதான் சொன்னாள். அக்ஸிலரி நரம்பு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவள் பதில் சொல்லி, நிறுத்தாமல், "குவாட்றாங்குலர் ஸ்பேஸ் வழியாகப் போகும்" என்று சேர்த்திருக்கிறாள். சரியான தகவல்தான். அடுத்த கேள்வி: அந்த ஸ்பேஸின் எல்லைகள் என்ன? நாலு எல்லை. இரண்டு சொன்னாள், மூன்றாவதில் நின்றாள், பிறகு எல்லாம் நின்றது. வைவாவில் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்று தேடத் தேவையில்லை. நீ கடைசியாக வாயிலிருந்து விட்ட சொல்லிலிருந்துதான் வரும். நிரம்பத் தெரியும் என்று காட்ட ஒரு சொல்லைக் கூட்டினால், அதற்குள்ளும் போகத் தயாராக இருக்கவேண்டும். ஆகவே ஒரு பயிற்சி வைத்தோம். அவள் பதிலின் கடைசிச் சொல்லைப் பிடித்து "அது என்ன?" என்று கேட்டுக்கொண்டே போவோம். மூன்று படி தாண்டித் தாக்குப்பிடிக்காத சொல் என்றால் அந்தச் சொல்லைப் பதிலில் சேர்க்கக்கூடாது. மறுபக்கமாக, நன்றாகத் தெரிந்த சொல்லைக் கடைசியில் வைத்து நிறுத்தலாம். அக்ஸிலரி நரம்பு என்றதும் டெல்ரொயிட் தசை என்று சொல்லிப் பேசாமல் இருந்தால், டெல்ரொயிட் பற்றித்தான் கேட்பார்கள். இதைக் கள்ளத்தனம் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. எந்த நேர்முகத்திலும் ஆட்கள் செய்வதுதான்.

இனி மொழி. அவள் உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்தவள். பீடத்தில் எல்லாம் ஆங்கிலம். முதல் வைவாவில் அவள் மௌனமாக இருந்த நேரத்தில் பாதி, பதிலைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த நேரம். எங்கள் ஆங்கிலம் அவளுடையதை விட மோசம், அட்டையில் உள்ள சொற்களை நாங்கள் வாசிக்கிற விதத்தைக் கேட்டு அவள் சிரித்தே அரைவாசி பயம் போனது. ஆகவே முதல் சுற்று தமிழில், முழுதாக, கையால் காட்டி. இரண்டாம் சுற்று ஆங்கிலத்தில், ஒரு வசனத்தில் ஒரு விசயம் மட்டும். 'திஸ் இஸ் த ரைற் ஹியூமரஸ். த ஹெட் இஸ் அப். த டீப் பொஸா இஸ் பிஹைன்ட்.' இலக்கணம் உடைந்தாலும் பரவாயில்லை, வசனம் முடியவேண்டும். நீள வசனத்தில் ஏறினால் அவள் இறங்கத் தெரியாமல் நிற்பாள்.

இந்த இடத்தில் தமிழ் படிக்கிற நாங்கள் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தன் மாணவருக்குத் தமிழிலேயே அனற்றமி நூல் ஆக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இல் வந்தது. எங்கள் ஊரில் எலும்பைத் தமிழில் கேட்டுத் தமிழில் சொன்ன காலம் ஒன்று இருந்திருக்கிறது. அதை அவளிடம் சொன்னபோது, "அந்தப் புத்தகத்திலை குவாட்றாங்குலர் ஸ்பேஸுக்கு என்ன பேர் போட்டிருக்கு?" என்று கேட்டாள். இன்னும் தேடிக்கொடுக்கவில்லை.

ஸ்பொற்றுக்கு அவளுக்குப் பெரிதாகப் பயம் இல்லை. ஆனாலும் திரும்ப எழுதவேண்டும். அதற்குப் பதப்படுத்திய உடற்பகுதி போடிங்குக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் அன்ரி எங்களை வெளியே அனுப்பிவிடுவார். ஆகவே எங்கள் கைகளே மாதிரிகள். முதலில் புத்தகப் படத்தைப் பார்த்து எங்கள் கைகளில் சிவப்பு, நீலம், மஞ்சள் பேனாக்களால் நாடியும் நாளமும் நரம்பும் கீறினோம். அழகாக இருந்தது. அவள் பார்த்துவிட்டு, இது பிரயோசனமில்லை என்றாள். போமலின் ஏறிய உடம்பில் நிறம் கிடையாது. எல்லாம் ஒரே மங்கல் மண்ணிறம். புத்தகம் நிறத்தால் பழக்குகிறது, மேசையில் நிறம் இல்லை. அதனால்தான் ஸ்பொற்றில் நரம்பை நாடி என்று எழுதுகிறார்கள்.

அதோடு எங்கள் தமிழும் ஒரு பொறி. கையில் புடைத்துத் தெரியும் நாளத்தை நாங்கள் நரம்பு என்கிறோம். இழுத்துப் பிடித்தால் தெரியும் தசைநாணும் நரம்பு. அன்ரிக்குச் சேலைன் ஏற்றப் போனபோது "நரம்பு கிடைக்கேல்லை" என்று மிஸ் சொன்னதும் நாளத்தைத்தான். வீட்டில் ஒரே சொல்லில் வளர்ந்த நாலு சாமானை மேசையில் பிரிக்கவேண்டும். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிறது என்றாள். நாடிக்குச் சுவர் தடிப்பு, அமத்தினால் குழாய் போல மீண்டு வரும். நாளம் மெல்லியது, சப்பிக் கிடக்கும், சிலவேளை உள்ளே கறுத்த இரத்தக்கட்டி. நரம்பு உள்ளே துவாரமில்லாத கயிறு, உருட்டினால் உருளும், சப்பாது. தசைநாண் மினுங்கும், பிடித்துக்கொண்டு போனால் ஒரு தசையில் போய் முடியும். இதை எங்கள் கையில் செய்துகாட்ட ஏலாது. நாங்கள் செய்ய முடிந்தது நிறத்தை எடுத்துவிடுவது மட்டும். தையல்பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை நூல், கையில் பிளாஸ்ரர் போட்டு ஒட்டினோம். ஈர்க்குத் துண்டில் கடதாசிக் கொடி கட்டி ஒரு நூலில் நிறுத்தினோம். ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் கரண்டியால் சில்வர் கோப்பையில் தட்டுவது மணி.

முழங்கை மடிப்பில் நடந்தது லேசு. அங்கே வெளியிலிருந்து உள்ளுக்கு பைசெப்ஸின் தசைநாண், பிறகு நாடி, பிறகு மீடியன் நரம்பு என்று வரிசை. இரத்தம் எடுக்கிற நாளம் இவற்றுக்கு மேலே, தோலுக்குக் கீழே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பைசெப்ஸிலிருந்து விரியும் ஒரு சவ்வு. முன்காலத்தில் நோய்க்கு இரத்தம் வெளியேற்றும்போது கத்தி கீழே இருக்கும் நாடிவரை போகாமல் அந்தச் சவ்வு காத்ததாம், பிரெஞ்சுக்காரர் அதற்குக் 'கடவுள் புண்ணியம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கதைக்குப் பிறகு அந்தச் சவ்வை அவள் மறந்ததில்லை. நாங்களும் மறக்கவில்லை.

பிறகு துவாய் வந்தது. பரீட்சையில் முழுக் கை தெரியாது. துணியால் மூடி ஒரு யன்னல் அளவு மட்டும் விட்டிருப்பார்கள். ஆகவே தோளையும் முழங்கையையும் கையையும் துவாயால் மூடி, மேற்கையின் உட்பக்கத்தில் நாலு விரல் அகலம் மட்டும் திறந்தோம். இரண்டு வெள்ளை நூல். கொடி உட்பக்கத்து நூலில். தட்டினோம். அவள் எழுதினாள்: மீடியன் நரம்பு. அட்டையில் பிறேக்கியல் நாடி. "இல்லை, உள்ளுக்கு இருக்கிறது நரம்பு" என்று அவள் வாதாடினாள். நூல் ஒட்டிய கை எங்களுடையது, படத்தைப் பார்த்துத்தான் ஒட்டினோம். புத்தகம் வந்தது. மீடியன் நரம்பு மேற்கையின் மேல்பாதியில் நாடிக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. நடுவில் நாடியைக் கடந்து உட்பக்கம் போகிறது. முழங்கை மடிப்பில் அவள் படித்த வரிசை முழங்கை மடிப்புக்கு மட்டும் சொந்தம்.

"வடக்கு எது எண்டு தெரியாமல் படம் வாசிக்கேலாது" என்றாள் புவியியல்காரி. அளவுத்திட்டமும் இல்லை, திசையும் இல்லை, அந்தப் படத்தில் ஆற்றை மட்டும் காட்டி பெயர் கேட்டால் எப்படி? அதற்குப் பிறகு கொடியைப் பார்க்க முன்னம் மூன்று விசயம் பார்க்கப் பழகினாள். எது மேல், எது உள், இது கையின் எந்த மட்டம். தசை எந்தப் பக்கம் ஒடுங்குகிறது என்று பார்த்தால் மேல் கீழ் தெரியும். முழங்கை தெரிகிறதென்றால் உட்பக்கப் புடைப்புத்தான் பெரிது, அதைத் தடவினால் உள் வெளி தெரியும். இவ்வளவுக்கும் பத்துச் செக்கன். மிச்சம் ஐம்பதில் கொடியைப் பார்த்து, கேள்வித்துண்டை இரண்டு தரம் வாசிக்கவேண்டும். கொடி தசையில் இருக்கும், கேள்வி அந்தத் தசைக்கு வரும் நரம்பைக் கேட்கும். தசையின் பெயரை வடிவாக எழுதிவிட்டு வருகிறவர்கள் கனபேர்.

எங்களால் ஏலாதது நிறைய இருந்தது. அட்டையில் இல்லாத ஒன்றை அவள் சொன்னால் சரியா பிழையா என்று எங்களுக்குத் தெரியாது. அப்படிச் சொன்னவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைப்போம், விடிய அவள் பார்ப்பாள். உடலுக்கு உடல் வேறுபாடும் உண்டு. சிலருக்குக் கையின் நாடி மேலேயே இரண்டாகப் பிரிந்துவிடும், எங்கள் நூல் அதைச் சொல்லாது. போமலின் மணத்தில் கண் எரிந்துகொண்டு நின்று எழுதுவதை போடிங்கில் பழக ஏலாது. 'தெரியாது' என்று சொல்லப் பழகியது மட்டும் இங்கேயே நடந்தது. பதில் வராவிட்டால் மூன்று எண்ணும் வரைக்கும் காத்திருப்போம், அதற்குள் 'ஐ ஆம் நொற் ஷுவர், சேர்' வரவேண்டும். வந்தால் அடுத்த அட்டை. முதலில் அதைச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கும். கடைசிக் கிழமையில் அட்டை கேட்டு முடிய முன்னமே சொல்லத் தொடங்கினாள், அது வேறு வில்லங்கம்.

வைவா அன்று அவளுக்குத் தந்தது ஹியூமரஸ் அல்ல, காறை எலும்பு. கிளவிக்கிள். அதை நாங்கள் இரண்டே இரவுகள்தான் செய்திருந்தோம். தடித்த முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், உட்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னுக்கு வளைந்திருக்கும், கீழ்ப்பக்கத்தில் தவாளிப்பு. இரண்டாவது அடையாளம் சொல்லும்போதே பரீட்சகர் வெட்டினாராம். எங்கே உடையும்? வளைவு மாறுகிற இடத்தில். உடைந்தால் எந்தத் துண்டு மேலே எழும்பும்? உள்துண்டு. ஏன்? கழுத்துத் தசை இழுக்கும், வெளித்துண்டு கையின் பாரத்தில் தொங்கும். அந்தத் தவாளிப்பில் ஒட்டும் தசைக்கு எந்த நரம்பு? தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். பரீட்சகர் தலையாட்டிவிட்டு அடுத்த சாமானை எடுத்திருக்கிறார்.

பின்னேரம் வந்து கட்டிலில் இருந்துகொண்டு கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாங்கள் புதிய அட்டைகளில் எழுதினோம். முடிவு இன்னும் வரவில்லை. அட்டைக்கட்டையும் எலும்புப் பெட்டியையும் கீழ் பற்ச் பிள்ளை ஒன்று வந்து வாங்கிக்கொண்டு போனது. போக முன்னம் அன்ரி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, சுற்றியிருந்த வேட்டித்துணி கிழிந்துவிட்டது என்று வேறு ஒரு வெள்ளைத்துணி கொடுத்துவிட்டார்.